உங்கள் கணக்கு, உங்கள் கண் – 9: திரையில் தெரியும் ஈ.எல். இருப்பு

சென்ற வாரம் சம்பளச் சீட்டின் பிடித்தங்களைப் பார்த்தோம். இந்த வாரம் விடுப்புக் கணக்கு. குறிப்பாக, களஞ்சியம் செயலியிலும் karuvoolam.tn.gov.in தளத்திலும் தமிழக அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் தெரிகிற ஈட்டிய விடுப்பு இருப்பு, அதாவது அலுவலகத்தில் எல்லோரும் ஈ.எல். என்று சொல்வது. விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்த எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் கேள்வி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் கடைசியில், ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவது தமிழகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. முதலில் ஓராண்டுக்கு என்றார்கள். அது நீண்டுகொண்டே போனது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 1.4.2026 முதல் 15 நாள் வரை சரண் செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 28 அன்று, சட்டப்பேரவையில் முதலமைச்சர் அந்தத் தேதியை 1.10.2025 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் தேவையோடு திறந்து பார்க்காத கணக்கை இப்போது எல்லோரும் திறக்கிறார்கள். இடைப்பட்ட அதே காலத்தில்தான் பணிப்பதிவேட்டில் மையால் எழுதியிருந்தவை கணினிக்கு ஏறின. 15 நாள் என்பது ஏறத்தாழ அரை மாதச் சம்பளம். தப்பான இருப்பை வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்கக் கூடாது.

ஆண்டிமடத்தை எடுத்துக்கொள்கிறேன். வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், அரசு மருத்துவமனை, பள்ளிகள் என்று ஊரில் அரசுச் சம்பளக்காரர்கள் நிறையப் பேர். இந்த ஊரின் பணிப்பதிவேடுகளுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1994-ல் வேலைக்குச் சேர்ந்தவரின் முதல் பக்கங்களில் திருச்சிராப்பள்ளி மாவட்ட முத்திரை இருக்கும். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. ஆள் ஆண்டிமடத்தை விட்டு எங்கும் போகாவிட்டாலும், அவருடைய பதிவேட்டில் மாவட்டத்தின் பெயர் நான்கு முறை மாறியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் பதிவேடுகள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குக் கட்டுக்கட்டாகப் பயணம் செய்தன. கையெழுத்தாகாத வரிகளும், அடித்துத் திருத்திய எண்களும், வேறு கோப்பிலேயே தங்கிவிட்ட ஆணைகளும் அப்படிச் சேர்ந்தவைதான். கணினியில் ஏற்றியவர், கடைசிப் பக்கத்தில் கடைசியாக எழுதியிருந்த எண்ணைத்தான் எடுத்துப் போட்டிருப்பார். அவர்மேல் குற்றமில்லை. அவருக்குத் தரப்பட்ட நேரம் அவ்வளவுதான்.

திரையை முதன்முதலில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது இருப்பு எண்ணை அல்ல, அது எந்தத் தேதிக்கான இருப்பு என்பதை. ஈட்டிய விடுப்பு மாதாமாதம் சேருவதில்லை. பணி வரன்முறை ஆன, கோடை விடுமுறை இல்லாத துறை ஊழியருக்கு ஜனவரி 1-ல் 15 நாள், ஜூலை 1-ல் 15 நாள் என்று முன்கூட்டியே வரவு வைக்கிறார்கள். டிசம்பர் 28 அன்று பார்த்த எண்ணையும் ஜனவரி 2 அன்று பார்த்த எண்ணையும் ஒப்பிட்டு, எங்கிருந்தோ 15 வந்துவிட்டது என்று பதறுபவர்களையும் பார்த்திருக்கிறேன், சும்மா மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதோடு, நீங்கள் போட்டு இன்னும் ஒப்புதல் ஆகாமல் நிற்கும் விண்ணப்பம் ஏதாவது இருந்தால் அதன் நாட்கள் கழிந்துவிட்டனவா இல்லையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியும் நிலுவை விண்ணப்பமும் தெளிவாகாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்ததாகப் பணிப்பதிவேட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். அலுவலகப் பிரிவில் கேட்டால் அவர்கள் முன்னிலையில் பார்க்கலாம். விடுப்புக் கணக்குப் பக்கத்தில் இடப்பக்கம் வரவு, பிறகு எடுத்த விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள், மீதி, கடைசியில் அலுவலரின் சுருக்கொப்பம். சுருக்கொப்பம் இல்லாத வரியைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தணிக்கையில் கேள்வி வருவது அந்த வரிகளில்தான். முடிந்தால் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் கையால் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்ப்போம். ஆண்டிமடத்தில் ஓர் உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளங்குவதற்காக நான் போட்டவை. ஆனால் இதில் வரும் மூன்று பிழைகளும் நடைமுறையில் வரக்கூடியவைதான்.

31.12.2019 அன்று அவருடைய பதிவேட்டில் 41 நாள் இருந்தது. 1.1.2020-ல் 15 சேர்ந்து 56. அந்த மார்ச் மாதம் 15 நாள் சரண் செய்ய விண்ணப்பித்தார், ஆணை வந்தது, பதிவேட்டில் 15 கழித்து 41 என்று எழுதினார்கள். பட்டியல் கருவூலத்துக்குப் போய்ப் பணமாவதற்குள் சரண் நிறுத்தப்பட்டது. ஆணை ரத்தானது. பணம் வரவில்லை. பணம் வராத விடுப்பு கழியவும் கூடாது. அந்த 15 நாள் கணக்கில் திரும்பச் சேர்ந்து 56 ஆகியிருக்க வேண்டும். பதிவேட்டில் அந்த மறுவரவு எழுதப்படவில்லை.

2020 ஜூலையில் 15, 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் தலா 30. 2022-ல் மகள் திருமணத்துக்கு 20 நாள் எடுத்தார். ஆக 31.12.2023 அன்று சரியான இருப்பு 141. பதிவேட்டில் இருந்தது 126. அதையே தொடக்க இருப்பாகக் கணினியில் ஏற்றினார்கள் என்று கொள்வோம்.

2024 ஜனவரியில் 15 சேர்ந்தது. சரியான கணக்கு 156, திரையில் 141. மார்ச் 11 திங்கள் முதல் 15 வெள்ளி வரை 5 நாள் ஈட்டிய விடுப்பு எடுத்தார். முன்னால் 9, 10 தேதிகளும் பின்னால் 16, 17 தேதிகளும் சனி, ஞாயிறு. அவற்றை விடுப்போடு இணைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கினார். விடுப்பின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இப்படி அனுமதியோடு ஒட்டிக்கொள்ளும் விடுமுறை நாட்கள் விடுப்புக் கணக்கில் கழியாது. விடுப்புக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் விடுமுறைகள்தான் கழியும். ஆனால் பதிவு செய்தவர் 9 முதல் 17 வரை என்று போட்டுவிட்டார். 5 கழிய வேண்டிய இடத்தில் 9 கழிந்தது. சரியான இருப்பு 151, திரையில் 132. ஜூலையில் 15 சேர்ந்து 166-ம் 147-ம் ஆயின.

அந்த ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 16 வரை 40 நாள், தாயாரின் உடல்நிலைக்காக அவர் ஊதியமில்லா விடுப்பில் இருந்தார். ஓய்வின்போது பணமாக்க ஈட்டிய விடுப்பு அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தே இதைக் கேட்டு வாங்கினார். ஊதியமில்லா விடுப்புக்கு ஒரு பின்விளைவு உண்டு. அந்த அரையாண்டில் எடுத்த நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அடுத்த அரையாண்டு வரவிலிருந்து குறையும். 40 நாளுக்கு 4. ஆக 1.1.2025-ல் அவருக்குச் சேர வேண்டியது 11தான். திரையில் வழக்கம்போல 15 சேர்ந்தது. சரியான இருப்பு 177, திரையில் 162. 2025 ஜூலைக்குப் பிறகு 192-ம் 177-ம்.

இப்போது அவர் சரணுக்கு விண்ணப்பிக்க உட்காருகிறார். பிரிவில் இருக்கும் நண்பரிடம் கேட்கிறார்.

"அண்ணே, ஸ்கிரீன்ல 177 காட்டுது. எனக்கு 192 வரணுமே?"

"2020 சரண்டர் கேன்சல் ஆனது உனக்குத் திரும்பிச் சேரலப்பா. ஒரு மனு குடு, 15-ஐ சேர்த்துடுவாங்க."

நண்பர் சொன்னது உண்மைதான். 15-ஐச் சேர்த்தால் 192. கையில் போட்ட கணக்கும் 192. இரண்டும் பொருந்திவிட்டன, விஷயம் முடிந்தது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் முடியவில்லை. மார்ச்சில் கூடுதலாகக் கழிந்த 4 நாளும், ஜனவரியில் கூடுதலாகச் சேர்ந்த 4 நாளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. இன்றைக்குக் கேடில்லை. நாளை தணிக்கையிலோ ஓய்வூதியக் கோப்பு தயாராகும்போதோ ஒருவர் ஊதியமில்லா விடுப்பைப் பார்த்து அந்த 4-ஐ மட்டும் கழித்தால், மார்ச் மாதத்து 4 நாள் உங்களுக்குத் திரும்பாமலே போகும். அதைக் கேட்க அப்போது ஆணையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். கடைசி எண் பொருந்துவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வரவு வரிகளை ஒவ்வொன்றாகவும் செலவு வரிகளை ஒவ்வொன்றாகவும் ஒப்பிட வேண்டும்.

உங்களுக்குச் சாதகமான பிழையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கூடுதலாக இருக்கும் 4 நாளை வைத்துச் சரண் செய்து பணமும் வாங்கிவிட்டால், கண்டுபிடிக்கப்படும் நாளில் அது அதிகப்படியாக வழங்கப்பட்ட தொகை. ஓய்வுபெறும் சமயத்தில் பணிக்கொடைக் கோப்பு நிற்கும்போது அதைத் திரும்பக் கட்டச் சொன்னால் படும் பாடு தனி.

இன்னொரு நுணுக்கம், மூத்த ஊழியர்களுக்கு. ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு மேல் சேராது. சரண் நிறுத்தப்பட்டிருந்த ஐந்தாண்டுகளில், ஏற்கெனவே 200-ஐத் தாண்டியிருந்தவர்கள் பலர் அந்த எல்லையை முட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு விடுப்பெடுக்காமல் இருந்தால் வரவு வீணாகும். அதனால் 2020-ல் விட்டுப்போன 15 நாளை இன்றைய இருப்போடு நேராகக் கூட்டக் கூடாது. அந்த 15-ஐ 2020-லேயே சேர்த்து, அங்கிருந்து ஒவ்வொரு அரையாண்டாகக் கீழே இறங்கி வந்து, 240-ஐ எங்கே தொட்டது என்று பார்க்க வேண்டும். சிலருக்கு 15-ல் ஒரு பகுதிதான் இன்று மிஞ்சும். நம் உதவியாளருக்கு அந்தச் சிக்கல் இல்லை, 192தான். ஆனால் உங்களுக்கு 238 என்று திரை காட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மனு எழுத வேண்டும்.

ஆசிரியர்கள் தங்கள் கணக்கை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். கோடை விடுமுறை உள்ள துறை என்பதால் அவர்களுக்கு ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 17 நாள். ஓர் ஆசிரியரின் கணக்கில் ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று ஏறியிருந்தால் அவர் தவறான வகையில் பதிவாகியிருக்கிறார் என்று பொருள். பள்ளியிலிருந்து அலுவலகப் பணிக்கு மாறியவர்களுக்கும், அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு வந்தவர்களுக்கும் மாறிய தேதியில் இந்த வகை மாறியதா என்று பாருங்கள். மாறுதலில் போனவர்கள் இன்னொன்றையும் தேடலாம். பணியேற்பிடைக் காலத்தைத் துய்க்காமல் உடனே போய்ச் சேர்ந்திருந்தால், துய்க்காத நாட்களை ஈட்டிய விடுப்பில் வரவு வைக்கக் கேட்டு ஆணை பெற்றிருப்பீர்கள். அந்த ஆணை பழைய அலுவலகத்திலேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வரவு வரியை மட்டும் பார்த்தால் போதும். முழு அரையாண்டும் பணியில் இல்லாதவருக்கு 15 நாள் முழுதாகச் சேராது, முடிந்த மாதங்களுக்கு ஏற்பத்தான் கணக்கு. பிப்ரவரியில் சேர்ந்தவருக்கு அந்த அரையாண்டுக்கு 15 ஏறியிருந்தால் அது பின்னால் கழியப்போகிற எண்.

தற்செயல் விடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 12, டிசம்பர் 31-ல் மீதி காலாவதி. அரை நாள் எடுத்தது முழு நாளாகப் பதிவாகியிருக்கிறதா, தாளில் எழுதிக் கொடுத்ததும் செயலியில் போட்டதும் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று ஆண்டு முடிவதற்குள் பார்த்துக்கொண்டால் சரி.

அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள். அவர்கள் நிறுவனத்தின் தளத்தில் தெரியும் இருப்புக்கு இந்த 15, 15 கணக்கு பொருந்தாது. தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் வருவது. ஆகவே அவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது, முந்தைய ஆண்டில் எத்தனை நாள் பணி செய்ததாகத் தளம் கணக்கு வைத்திருக்கிறது என்பதை. அடிப்படை நாட்களே குறைவாக ஏறியிருந்தால் விடுப்பும் குறையும். மாதாமாதச் சம்பளச் சீட்டில் இருக்கும் பணி நாட்களைக் கூட்டினால் அது தெரிந்துவிடும்.

பிழை கிடைத்துவிட்டது. அடுத்து என்ன? பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கு, உங்கள் நேர் மேலலுவலர் வழியாக, ஒரு மனு. "என் விடுப்பு இருப்பு தவறாக உள்ளது, சரிசெய்து தர வேண்டுகிறேன்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் படுத்துக்கொள்ளும். நம் உதவியாளர் எழுத வேண்டியது மூன்று தனி வரிகள். முதலாவது, 2020 மார்ச்சில் அனுமதித்துப் பின் ரத்தான சரண் விடுப்பு 15 நாள் மறுவரவு வைக்கப்படவில்லை. அனுமதி ஆணை, ரத்து ஆணை இரண்டின் ந.க. எண்ணும் தேதியும் இவை. இரண்டாவது, 2024 மார்ச்சில் முன்னிணைப்பு, பின்னிணைப்பு நாட்கள் 4 தவறாகக் கழிந்துள்ளன. அனுமதி ஆணையின் நகல் இணைப்பில். மூன்றாவது, 2024 இரண்டாம் அரையாண்டில் 40 நாள் ஊதியமில்லா விடுப்புக்காக 1.1.2025 வரவில் 4 நாள் குறைக்கப்பட வேண்டும். மூன்றாவதை நாமே எழுதிக் கொடுப்பது பலருக்குக் கசக்கும். ஆனால் அது இருந்தால் மற்ற இரண்டையும் அலுவலர் தயங்காமல் நம்புவார். என் அனுபவத்தில் இது உண்மை.

ரத்து ஆணையின் நகல் கிடைக்கவில்லை என்றால், பணம் வரவில்லை என்பதைக் காட்டவும் வழியுண்டு. 2020 மார்ச் முதல் அந்த ஆண்டு முடிய உங்கள் சம்பளக் கணக்கின் வங்கி அறிக்கையை எடுத்துச் சேர்த்துவிடுங்கள். சரண் தொகை சம்பளத்தோடு சேராமல் தனிப் பட்டியலாக வரும் என்பதால், அது வந்திருந்தால் தனி வரவாகத் தெரிந்திருக்கும்.

மனு கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புதல் வாங்குங்கள். கணினியில் திருத்தம் தொடங்குபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் அளிப்பவர் என்று மூன்று கை மாறித்தான் முடியும். முதல் கையில் "போட்டாச்சு" என்று சொன்னதும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டாம். பணிப்பதிவேட்டிலும் அதே திருத்தம் எழுதிச் சுருக்கொப்பம் ஆக வேண்டும். திரை மட்டும் மாறி, பதிவேடு பழையபடியே இருந்தால், அடுத்த தணிக்கையில் பதிவேட்டைப் பார்த்து உங்கள் 15 நாளை மறுபடி எடுத்துவிடுவார்கள்.

இரண்டு இடத்திலும் 192 என்று பார்த்த பிறகு சரணுக்கு விண்ணப்பியுங்கள். ஒப்புதலானதும் மீண்டும் ஒரு முறை திரையைத் திறந்து 177 என்று இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த 177-ம் பழைய 177-ம் ஒன்றல்ல, இதற்குப் பின்னால் 15 நாள் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கும்.

2020-ல் சரண் ஆணை வாங்கிப் பணம் கிடைக்காமல் நின்றவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள், சிலர் இந்த ஆண்டு ஓய்வுபெறப் போகிறார்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஓய்வு பெறும் மாதத்தில் பழைய ஆணையைத் தேடுவது வேண்டாம், இந்த வாரமே பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.